பெயர் சொல்லாமல் விளக்கும் திறன்

சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங், கோடிங் பணிகளைச் செய்யும் நிறுவனங்கள் பல உள்ளன. அங்கு வரும் நோயாளிக் குறிப்புகளுக்கு அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டமான ஹிப்பா பொருந்தும். இந்த வேலைக்கான நேர்காணலில், பார்க்காத கண்ணுக்கு எளிதாகத் தோன்றும் ஒரு கேள்வி அநேகமாக வந்துவிடும்: "முந்தைய வேலையில் சிக்கலான கிளெய்ம் ஒன்றை எப்படிச் சரிசெய்தீர்கள்?"

இதில் சோதிக்கப்படுவது இரண்டு: வேலை தெரியுமா என்பதும், வாய் அடங்குமா என்பதும். நோயாளியின் ஊர், சேர்க்கப்பட்ட தேதி, மருத்துவமனையின் பெயர் என்று சுவைக்காக விவரம் சேர்ப்பவர், பெயரைச் சொல்லாவிட்டாலும் அவரை அடையாளம் காட்டிவிடுகிறார். ஹிப்பா பட்டியலிடும் 18 அடையாளங்களில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமல்ல, சிகிச்சைத் தேதியும் மாநிலத்தைவிடச் சிறிய ஊர்ப்பெயரும் அடங்கும். விண்ணப்பத்தோடு பழைய வேலையின் ஸ்கிரீன்ஷாட்டை மாதிரியாக அனுப்புவது இதைவிடப் பெரிய தவறு.

நல்ல பதில் இப்படி அமையும். மணிக்கட்டு எலும்பு முறிவுக்கான எக்ஸ்ரே கிளெய்ம் ஒன்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. எக்ஸ்ரேக்கு இடப்பக்கத்தைக் குறிக்கும் LT சேர்க்கப்பட்டிருந்தது. நோய்க் குறியீடோ S52.501A, அதாவது வலது மணிக்கட்டு. இடது கைக்கு S52.502A வர வேண்டும். ஓர் இலக்கம்தான் வேறுபாடு. அதற்காக உடனே 1ஐ 2 ஆக்கி அனுப்பிவிடக் கூடாது. மருத்துவர் குறிப்பு, எக்ஸ்ரே அறிக்கை இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் "இடது" என்றால் பிழை கோடிங்கில். திருத்திய கிளெய்மை அனுப்பலாம். மருத்துவர் குறிப்பில் "வலது", அறிக்கையில் "இடது" என்றிருந்தால் எது சரி என்று ஊகிக்கும் உரிமை கோடருக்கு இல்லை. மருத்துவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்; பழைய பதிவை அழிக்காமல், அவரே தேதியிட்டுத் திருத்தக் குறிப்பைச் சேர்ப்பார்.

இந்த விவரிப்பில் நோயாளி யாரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சொல்பவர் எதை எதோடு ஒப்பிட்டார், எங்கே கைவைக்காமல் நின்றார் என்பது தெளிவாகத் தெரிகிறது. கேட்பவருக்கு வேண்டியதும் அதுவே. "நான் மிகக் கவனமானவன்" என்ற வாக்கியத்தால் இந்த இடத்தை நிரப்ப முடியாது.

அடுத்து வரக்கூடிய கேள்வி: "தெரிந்தவர் ஒருவரின் சார்ட் உங்கள் பட்டியலில் வந்தால்?" உள்ளூர் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இது அடிக்கடி நேரக்கூடியது. திறந்து பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பேன் என்பது தவறான பதில். பார்ப்பதே மீறல்; வேலைக்குத் தேவையானதற்கு மேல் எதையும் திறக்கக் கூடாது. திறக்காமலே மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறொருவருக்கு மாற்றச் செய்வதே சரி. மின்னணுப் பதிவேட்டில் யார், எந்த நேரத்தில், எந்தக் கோப்பைத் திறந்தார் என்பது லாக் ஆகிறது. தணிக்கையில் காரணம் காட்ட முடியாத ஒரு திறப்பு வேலையையே பறித்துவிடலாம்.