‘ஹாய்’ போய் ‘டியர்’ வந்தால்

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில், வெளிநாட்டு பையரோடு தினமும் மெயிலில் பேசுவது மெர்ச்சண்டைசரின் வேலை. நேற்றுவரை ‘ஹாய் கவிதா’ என்று தொடங்கி ‘தேங்க்ஸ்’ என்று முடித்த பையர், இன்று ‘டியர் மிஸ் கவிதா’ என்கிறார். கடைசியில் நன்றி இல்லை. சிசியில் அவருடைய மேலாளரின் பெயர் புதிதாக ஏறியிருக்கிறது. கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை என்றாலும், பழகிய மெர்ச்சண்டைசர் அந்த மெயிலுக்குத்தான் முதலில் பதில் போடுவார்.

கவனிக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். மெயில் சுருக்கமாக இருப்பதால் மட்டும் கோபம் என்று சொல்லிவிட முடியாது. சிலர் எப்போதுமே இரண்டு வரிதான் எழுதுவார்கள். அதே ஆளின் முந்தைய நாலைந்து மெயில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தாலும் தவறலாம். அமெரிக்காவில் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சிலர் சில வரிகளைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் மெயிலில் எழுதி அனுப்பினார்கள். படிப்பவர்கள் 100-க்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 முறைதான். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 வந்துவிடும்! அதனால் ‘கோபமா இருக்கீங்களா?’ என்று மெயிலில் கேட்பது வீண். கோபத்துக்குக் காரணமான கேள்விக்குப் பதில் சொல்வதே வழி.

ஓர் உதாரணம். உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்காக அனுப்பும் பிபி சாம்பிள் தாமதமாகிறது. பையர் போனிலிருந்து அவசரமாகத் தட்டுகிறார்: ‘4512 சாம்பில் இன்னும் வர்ல. எப்ப??’ ஆர்டரில் இருக்கும் ஸ்டைல் எண்ணோ 4521.

‘மதிப்புக்குரிய ஐயா, தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம்’ என்று தொடங்கினால், அவருக்கு எரிச்சல்தான் கூடும். அவரைப் போலவே ‘நாளைக்கு அனுப்றோம்!!’ என்று தட்டினால், நிறுவனத்தின் பெயரில் போகும் கடிதம் அலட்சியமாகத் தெரியும். பொருத்தமான பதில் இப்படி இருக்கும்:

‘ஹாய், சாம்பிள் நாளை வியாழன் கூரியரில் கிளம்புகிறது, டிராக்கிங் எண்ணை மாலைக்குள் அனுப்புகிறேன். பட்டன் வந்துசேரத் தாமதமானது, மன்னிக்கவும். உங்கள் ஆர்டரில் ஸ்டைல் 4521 என்று இருக்கிறது; அதைத்தான் அனுப்புகிறோம், சரிதானே?’

நீளமும் நெருக்கமும் அவருடையவை. எழுத்தில் உள்ள ஒழுங்கு மட்டும் மெர்ச்சண்டைசருடையது. ‘சாம்பில்’ என்ற பிழையைச் சுட்டிக்காட்டவில்லை. சரியான சொல்லை எழுதியதோடு சரி. எண்ணை அப்படி விட முடியாது. 4512-ஐ அப்படியே திருப்பி எழுதினால், தவறான சட்டை விமானம் ஏறும். சத்தமில்லாமல் 4521 என்று மாற்றினாலும் ஆபத்துதான். அவர் உண்மையிலேயே வேறு ஸ்டைலைக் கேட்டிருக்கலாம்.

இதற்கும் பையர் ‘டியர்’ போட்டே பதில் எழுதினால், மெயிலை விட்டுவிட்டுப் போனில் பேசுவது நல்லது. பேசி முடித்ததும், ஒப்புக்கொண்ட தேதியையும் எண்ணையும் மூன்று வரியில் மெயிலாக அனுப்பிவிட வேண்டும், அந்த மேலாளரையும் சிசியில் வைத்தே.