மைக் திறந்ததும் ஒடுங்கும் இசை

பாட்டு கேட்கும்போது எந்தக் குறையும் இல்லை. இடது காதில் வீணையும் வலது காதில் வயலினும் தனித்தனியாகக் கேட்கின்றன, மிருதங்கத்தின் தொப்பி அடி நெஞ்சில் இறங்குகிறது. அதே ஹெட்போனைக் கழற்றாமல் ஜூம் கூட்டத்தில் சேர்ந்தாலோ, விளையாட்டுக்கு நடுவே டிஸ்கார்டில் நண்பர்களோடு பேசத் தொடங்கினாலோ, நொடியில் எல்லாம் மாறிவிடுகிறது. பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. இரண்டு காதிலும் ஒரே ஒலி. பேச்சை முடித்துவிட்டு வெளியே வந்தால், ஓரிரு விநாடியில் பழைய இசை திரும்பிவிடுகிறது.

ஹெட்போன் பழுதாகிவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோய் மாற்றி வாங்குகிறார்கள். புதியதும் அதையே செய்கிறது. இன்னும் விலை கூடியதை வாங்கியும் பார்க்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் ஹெட்போனும் முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனும் இந்த ஒரு விஷயத்தில் ஏறத்தாழ ஒன்றுதான், ஏனென்றால் கோளாறு ஒலிபெருக்கியில் இல்லை. கணினிக்கும் ஹெட்போனுக்கும் இடையில் ஒலி போகும் வழி மாறிவிடுகிறது.

புளூடூத்தில் ஒலியைக் கொண்டுசெல்ல வெவ்வேறு வேலைகளுக்காக வகுக்கப்பட்ட முறைகள் உண்டு. இசைக்கான முறைக்கு ஏ2டிபி என்று பெயர். 2003இல் வந்தது. கணினியிலிருந்தோ போனிலிருந்தோ ஹெட்போனுக்கு ஸ்டீரியோ இசையை அனுப்புவது மட்டுமே அதன் வேலை. எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில், நல்ல தரத்தில் விநாடிக்குச் சுமார் 3,28,000 பிட் வரை இதில் பாயும். குறுந்தட்டில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான் என்றாலும், சாதாரணக் காதுக்கு இசை இசையாகவே கேட்கும். ஆனால் இந்த முறை ஒருவழிப் பாதையாகவே வகுக்கப்பட்டது. ஹெட்போனில் இருக்கும் மைக்கின் ஒலி கணினிக்குத் திரும்பிப் போக அதில் இடமே வைக்கவில்லை.

மைக் வேண்டுமென்றால் இன்னொரு முறைக்குத் தாவியாக வேண்டும். அதன் பெயர் எச்எஃப்பி. கார் ஓட்டுபவர் போனைக் கையில் எடுக்காமல் பேசுவதற்காக உருவானது. தொலைபேசிப் பேச்சுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கணக்கிட்டு அமைத்தார்கள்: போக ஒரு தடம், வர ஒரு தடம், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 64,000 பிட். காதுக்கு வருவது ஒரே தடம் என்பதால் ஸ்டீரியோவுக்கு அங்கே வழியில்லை. பாட்டு ஒற்றை ஒலியாகச் சுருங்குவதற்கு இதுதான் காரணம்.

64,000 என்ற எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மற்றதும் புரிந்துவிடும். புளூடூத் வானொலி தன் நேரத்தை விநாடிக்கு 1,600 துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. இந்தப் பேச்சுத் தடத்தின் தொடக்க கால வடிவம் ஒன்றில், ஆறு துண்டுகளுக்கு இரண்டு வீதம் பேச்சுக்கென்று ஒதுக்கப்படும். ஒன்று போக, ஒன்று வர. அப்படியானால் ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 267 முறை பொட்டலம் கிளம்பும். ஒரு பொட்டலத்தில் 240 பிட். இரண்டையும் பெருக்கினால் 64,000 வந்து நிற்கிறது. அடுத்தடுத்த பொட்டலத்துக்கான நேரம் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால், இந்த அளவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பாட்டு கால் விநாடி தாமதமாக வந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. அதனால் இசைத் தடம் கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே சேமித்துவைத்து, வழியில் தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கி, ஓட்டை தெரியாமல் ஒட்டிவிடும். பேச்சில் அது முடியாது. ஒருவர் கேட்ட கேள்விக்குக் கால் விநாடி கழித்தே பதில் கிளம்பினால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே பேச்சுத் தடம் தரத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கிக்கொள்கிறது. தொலைபேசி அழைப்புக்கு இது சரியான பேரம்தான். பழைய செல்பேசி அழைப்புகளில் குரலே குறுகிய வரம்புக்குள்தான் வந்தது என்பதால், ஹெட்போன் எதையும் கெடுத்ததாக யாருக்கும் தோன்றவில்லை. ஒரே ஹெட்போனில் விளையாட்டின் பின்னணி இசையும், நண்பர்களின் குரலும், தன் மைக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் குறை வெளியே தெரிந்தது.

அப்போது கணினி என்ன செய்கிறது? இசைத் தடத்தை நிறுத்திவைத்துவிட்டு, பாட்டு, விளையாட்டின் ஓசை, நண்பர்களின் குரல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பேச்சுத் தடத்திலேயே அனுப்புகிறது. பேச்சுக்கு மட்டும் தடம் மாறினால் போதாதா, பாட்டு பழைய வழியிலேயே வரக்கூடாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. நடைமுறையில் ஹெட்போனும் கணினியும் இவற்றை இரண்டு தனி நிலைகளாகத்தான் கையாளுகின்றன. ஒன்று விழித்தால் மற்றது உறங்கும்.

தகர ஒலிக்கான காரணம் இதற்குள்ளேதான் இருக்கிறது. ஒலியை எண்களாக்க, அதை விநாடிக்கு இத்தனை முறை என்று அளந்து பார்க்க வேண்டும். எத்தனை முறை அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரைதான் மீட்டெடுக்க முடியும். குறுந்தட்டில் 44,100 முறை. மனிதக் காது கேட்கக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடும். பழைய பேச்சுத் தடத்தில் 8,000 முறைதான். அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கிடையாது. ஜால்ராவின் கிணுகிணுப்பு, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மை, வீணைத் தந்தியை மீட்டும் கணத்தின் சுருக்கென்ற ஓசை ஆகியவற்றில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. கீழ்ப்பகுதியையும் பல கருவிகள் பேச்சு தெளிவாக இருக்கட்டும் என்று வடிகட்டிவிடுகின்றன. எனவே மிருதங்கத்தின் கனமும் போய்விடுகிறது. மேலும் கீழும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் வைத்தால் மூக்கால் பாடுவதுபோல் இருப்பதில் வியப்பில்லை.

கொரகொரப்பு வேறு ஒன்றால் வருகிறது. இந்தத் தடத்தின் பழைய குறியீட்டு முறையான சிவிஎஸ்டி, ஒவ்வொரு கணத்திலும் ஒரே ஒரு பிட்டைத்தான் அனுப்பும். அந்தப் பிட் சொல்வது “முன்பைவிட ஏறு” அல்லது “இறங்கு” என்பதை மட்டுமே. ஏற்றம் தொடர்ந்தால் அடியைப் பெரிதாக்கிக்கொள்ளும். குரல் மெதுவாக ஏறி இறங்குவதால் சமாளித்துவிடும். டிரம்ஸ் அடியோ கூட்டிசையோ வந்தால் ஏறுவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். பின்தங்கிய அந்த வித்தியாசமே இரைச்சலாகக் கேட்கிறது. 2011இல் வந்த எச்எஃப்பி 1.6, எம்எஸ்பிசி என்ற நல்ல முறையைச் சேர்த்தது. அதில் அளவெடுப்பு 16,000 முறை. 8,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குரல் நன்றாகவே தெளிந்துவிடும். பாட்டு மட்டும் அப்போதும் ஒற்றைத் தடத்தில்தான்.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு எளிது: ஹெட்போனின் மைக்கைத் திறக்கவே கூடாது. பேசுவதற்கு மடிக்கணினியின் சொந்த மைக் இருக்கிறது. டிஸ்கார்டில் பேசியபடி பாட்டு கேட்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் டிஸ்கார்டின் அமைப்புகளில் குரல் பகுதிக்குப் போய், Input Device என்ற இடத்தில் ஹெட்போனின் பெயருக்குப் பதில் மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். Output Device ஹெட்போனாகவே இருக்கட்டும். விண்டோஸ் 10 என்றால் இங்கே கவனம் தேவை. ஒரே ஹெட்போன் அதில் இரண்டு பெயர்களில் தோன்றும்; ஒன்றின் வால் Stereo, மற்றதன் வால் Hands-Free AG Audio. இரண்டாவதை வெளியீடாகத் தேர்ந்தெடுத்தாலே பேச்சுத் தடம் திறந்துவிடும், மைக்கைத் தொடாவிட்டாலும் சரி. விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயராக்கிவிட்டதால், அங்கே மைக்கை மாற்றினாலே போதும். ஆப்பிள் மேக்கிலும் ஒலி உள்ளீட்டை மடிக்கணினியின் மைக்குக்கு மாற்றுவதே வழி.

மாற்றிய பிறகும் தகர ஒலி போகவில்லை என்றால், வேறு ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்துவைத்திருக்கிறது. மூட மறந்த பிரவுசர் தாவலில் பழைய கூட்டம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். மைக் பயன்பாட்டில் இருந்தால் விண்டோஸில் கடிகாரத்தின் அருகே மைக் சின்னமும், மேக்கில் மேல்பட்டியில் ஆரஞ்சுப் புள்ளியும் தெரியும். எதுவுமே மைக்கைத் தொடாதபோதும் ஒலி மோசமாக இருந்தால்தான் ஹெட்போனைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. மடிக்கணினியின் மைக் வாயிலிருந்து தள்ளி இருப்பதால் விசைப்பலகையின் தட்டலையும் மின்விசிறியையும் சேர்த்தே பிடிக்கும். அடிக்கடி பேசுபவர்களுக்கு மேசையில் வைக்கும் யூஎஸ்பி மைக் நல்லது. விளையாட்டுக்காரர்கள் வாங்கும், யூஎஸ்பியில் செருகும் தனி ரிசீவரோடு வரும் கம்பியில்லா ஹெட்செட்டுகளில் இந்தத் தொல்லையே வராது; ரிசீவர் வழியாகப் பேசும்வரை அவை புளூடூத்தைப் பயன்படுத்துவதில்லை. போனில் நிலைமை கடினம். கேட்பதற்கு ஒன்று, பேசுவதற்கு வேறொன்று என்று பிரித்துக் கொடுக்கும் வசதியைப் பெரும்பாலான செயலிகள் தருவதில்லை. கம்பி ஹெட்போன்தான் அங்கே நம்பகமான மாற்று.

அடிப்படையிலேயே சரிசெய்யும் முயற்சி எல்இ ஆடியோ. 2020இல் அறிவிக்கப்பட்டு 2022இல் அதன் விதிகள் முழுமையடைந்தன. எல்சி3 என்ற புதிய சுருக்கும் முறையில், போகும் ஒலியும் வரும் ஒலியும் ஒரே ஏற்பாட்டுக்குள் ஓடுகின்றன. தடம் தாவ வேண்டியதில்லை. விண்டோஸ் 11இன் 24H2 பதிப்பில், மைக் திறந்திருக்கும்போதே விநாடிக்கு 32,000 அளவெடுப்போடு ஸ்டீரியோ ஒலி தரும் வசதியை 2025இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் ஹெட்போன், கணினியின் புளூடூத் சில்லு, அதற்கான டிரைவர் மூன்றும் இதை ஏற்க வேண்டும். பெட்டியில் புளூடூத் 5.2, 5.3 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. அந்தப் பதிப்புகளில் எல்இ ஆடியோ கட்டாயமில்லை; எல்இ ஆடியோ என்ற பெயரே பெட்டியில் இருக்க வேண்டும். கணினி தயாரா என்று அறிய, விண்டோஸ் 11இன் புளூடூத் அமைப்புகளில் Devices பக்கத்துக்குப் போய் Use LE Audio when available என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த வரியே இல்லாத கணினியோடு எல்இ ஆடியோ ஹெட்போனை இணைத்தாலும், அழைப்பு வந்ததும் பழைய பேச்சுத் தடம்தான் திறக்கும்.