இரவானால் இருண்டுபோகும் கேமராக்கள்

எங்கள் தெருமுனை மளிகைக்கடையின் பின்கட்டுக் கிடங்கில் நான்கு கண்காணிப்பு கேமராக்கள் இருக்கின்றன. பகலெல்லாம் படம் தெளிவாக வரும். பொழுது சாய்ந்ததும் ஒன்று மாற்றி ஒன்று அணைந்து அணைந்து எரியும். கேமராதான் பழுது என்று ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டினார்கள். அதுவும் இருட்டியதும் அணைந்தது.

கோளாறு மின்சாரத்தைப் பங்கிட்ட விதத்தில் இருந்தது. இருட்டியதும் கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 0.2 ஆம்பியர் எடுத்த கேமரா அப்போது 0.45 ஆம்பியர் எடுக்கும். நான்குக்கும் சேர்த்து 1.8 ஆம்பியர். கடையில் இருந்ததோ 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். கணக்குக்குப் போதும், ஆனால் இரவு முழுக்க ஓடுவதற்கு ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டர்தான் சரி. ஆம்பியர் கூடினால் கேமரா எரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேமரா தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வோல்ட் மட்டும் மாறக்கூடாது.

பெரிய தவறு வேறு இடத்தில் இருந்தது. அடாப்டர் கல்லாவில், அங்கிருந்து ஒரே ஒயர் 25 மீட்டர் ஓடி, கிடங்கில் போய் ஸ்ப்ளிட்டரால் நான்காகப் பிரிந்தது. அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் அந்தத் தூரத்துக்குப் போய்வர ஏறக்குறைய 1.8 ஓம் தடை தரும். இரவில் நான்கு கேமராக்களின் 1.8 ஆம்பியரும் அந்த ஒரே ஒயரில் போனதால் மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்தது. ஒன்பது வோல்ட்கூடக் கிடைக்காத கேமரா அணைகிறது. அணைந்ததும் சுமை குறைந்து வோல்ட் ஏறுகிறது, கேமரா திரும்ப எழுகிறது, விளக்கு எரிந்ததும் மறுபடி விழுகிறது.

ஸ்ப்ளிட்டரை அடாப்டர் பக்கத்திலேயே வைத்து, ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ஒயர் இழுத்தோம். இப்போது ஒரு ஒயரில் 0.45 ஆம்பியர்தான், இழப்பு 0.8 வோல்ட். கேமராவுக்கு 11.2 வோல்ட் கிடைக்கிறது.

ஸ்ப்ளிட்டர் வாங்கும்போது அதன் ஒயரைப் பாருங்கள். மலிவானவற்றில் மேலுறைதான் தடிமன். உள்ளே முடி போன்ற சில இழைகளே இருக்கும். எட்டுப் பத்து கேமராக்களுக்காக 5 அல்லது 10 ஆம்பியர் அடாப்டரில் அதைச் செருகுவது ஆபத்து. ஒரு கிளையில் பாதி ஷார்ட் ஆனாலும் அடாப்டர் அதைச் சாதாரணச் சுமை என்றே எடுத்துக்கொண்டு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். மெல்லிய ஒயர் சூடேறி உறை உருகிவிடும். கேமராக்கள் கூடினால், ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் உள்ள பவர் சப்ளை பெட்டியே வாங்குங்கள்.

வேலை முடிந்ததும், இருட்டிய பிறகு, கேமரா ஓடும்போதே அதன் பின்னில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் குறைந்தால் தடித்த ஒயர் போடுங்கள். ஸ்ப்ளிட்டரின் இணைப்பைத் தொட்டும் பாருங்கள். கை சுட்டால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.