நூறு படகும் பத்தாயிரம் படகும்

எந்தப் படகு உடையும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் படகுகள் போதுமான அளவு இருந்தால், ஆண்டுக்கு எத்தனை உடையும் என்பதை ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம். காப்பீட்டுத் தொழில் நிற்பது இந்த வேறுபாட்டின் மேல்தான். இதற்கான கணித நிரூபணத்தை முதலில் தந்தவர் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் பெர்னூலி. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல் அது நூலாக வெளிவந்தது. இன்று அதற்குப் பெரும் எண்களின் விதி என்று பெயர்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காகக் கொண்டவை. குப்பத்தில் 100 பைபர் படகுகள். ஒன்றின் விலை 2 லட்சம் ரூபாய். ஒரு படகு ஓராண்டில் முழுதாக அழிய நூற்றில் ஒரு வாய்ப்பு. சராசரியாக ஆண்டுக்கு ஒரு படகு போகும். அப்படியானால் படகுக்கு 2,000 ரூபாய் வசூலித்தால் கிடைக்கும் 2 லட்சம் போதும் என்று தோன்றும்.

போதாது. நூறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் சுமார் 37 ஆண்டுகளில் ஒரு படகும் அழியாது. இன்னொரு 37 ஆண்டுகளில் ஒன்று அழியும். மீதி 26 ஆண்டுகளில் இரண்டோ மூன்றோ, அதற்கும் மேலோ அழியும். நான்கில் ஓர் ஆண்டு நிதி போதாமல் போகும். நூற்றுக்கு 98 ஆண்டுகளாவது நிதி தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் மூன்று படகுகளுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். படகுக்கு 6,000 ரூபாய். மீனவர் யாரும் விரும்பிக் கட்டும் தொகை அல்ல இது.

இதே போன்ற நூறு குப்பங்கள் ஒரே நிதியில் சேர்ந்தால் படகுகள் 10,000. சராசரி இழப்பு 100 படகுகள். சராசரி நூறு மடங்கு கூடினாலும், அதைச் சுற்றிய ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் கூடும். ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படி வளர்வதே காரணம். எனவே பெரும்பாலான ஆண்டுகளில் இழப்பு 80க்கும் 120க்கும் இடையில் அடங்கும். 120 படகுகளுக்கான பணத்தை 10,000 பேர் பகிர்ந்தால் தலைக்கு 2,400 ரூபாய். அதே 98 விழுக்காட்டுப் பாதுகாப்பு, பாதிக்கும் குறைந்த விலையில். யாருடைய ஆபத்தும் இதனால் குறையவில்லை. ஆபத்தைப் பற்றிய நிச்சயமின்மைதான் குறைந்தது.

பழவேற்காட்டு மீனவர்களுக்குப் பங்கீடு புதிதல்ல. ஏரியில் சுத்து வலை போடும் இடங்களை முறைவைத்து மாற்றிக்கொள்ளும் பாடு முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறிமாறி வருவதால், காலப்போக்கில் இடத்தின் அதிர்ஷ்டம் சமன்படுகிறது. ஆனால் ஏரியில் மீனே இல்லாத பருவத்தில் பாடு யாரையும் காப்பாற்றாது. குப்பத்து நிதியும் அங்கேதான் தோற்கும்.

ஏனென்றால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒரு படகின் அழிவுக்கும் இன்னொன்றின் அழிவுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு அந்த நிபந்தனை தெரியாது. 2016இன் வர்தா புயலுக்கும் தெரியாது. ஒரே கரையில் நிறுத்திய படகுகள் ஒரே நாளில் சேர்ந்தே அடிவாங்கும்போது, நூறு படகுகள் கணக்கில் ஒரு படகு போலத்தான். அதனால்தான் நிதியைப் பகிரும் குழுவில் கன்னியாகுமரியும் கேரளமும் குஜராத்தும் சேர வேண்டியிருக்கிறது. அதற்கும் மேலான பேரிழப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் தள்ளிவிடுகின்றன.

இன்னொரு தவறு விலையில் நேரும். குழு எவ்வளவு பெரிதானாலும் குறைவாக வைத்த பிரீமியத்தை அது சரிசெய்யாது. நட்டத்தை இன்னும் உறுதியாக்கும். 2015இல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் (சுரக்ஷா பீமா) இதற்கு நல்ல சான்று. ஆண்டுக்கு 12 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். வகுத்துப் பார்த்தால், லட்சம் பேரில் ஆறு பேருக்கு மேல் இழப்பீடு கேட்டாலே வசூல் போதாது. கோடிக்கணக்கானோர் சேர்ந்தும் 2022 மார்ச் வரை பிரீமியமாக வந்தது 1,134 கோடி ரூபாய். இழப்பீடாகப் போனது 2,513 கோடி. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் பிரீமியம் 20 ரூபாயாக உயர்த்தப்பட்டது. லட்சத்தில் பத்துப் பேர் வரை அது தாங்கும்.

மீனவர்களுக்கென மத்திய, மாநில அரசுகள் நடத்தும் குழு விபத்துக் காப்பீட்டில் பிரீமியத்தை அரசுகளே கட்டுகின்றன. இறப்புக்கு 5 லட்சம். ஆனால் அது ஆளுக்கான காப்பீடு. படகும் வலையும் அதில் அடங்கா. அவற்றுக்குத் தனியாகத்தான் காப்பீடு எடுக்க வேண்டும்.