பிளாஸ்ட் கேட்டுக்கு வெளியேயும் ஒரு பார்வை

லுக்கீமியா சந்தேகத்தோடு வரும் எலும்பு மஜ்ஜை சாம்பிளை ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினதும், டிரெய்னி முதல்ல திறக்கிறது பெரும்பாலும் CD45–SSC ப்ளாட்தான். ஒவ்வொரு புள்ளியும் லேசரைக் கடந்துபோன ஒரு செல். கிடை அச்சில் இருக்கும் CD45, வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம். செங்குத்து அச்சில் இருக்கும் SSC பக்கவாட்டில் சிதறும் ஒளி. செல்லுக்குள் துகள்கள் கூடக்கூட இதுவும் ஏறும்.

லிம்போசைட்டுகள் வலப்பக்கம் கீழே அடர்ந்து நிற்கும். அதுக்கு மேலே மோனோசைட்டுகள், இன்னும் மேலே கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நியூட்ரோஃபில் வரிசை. முதிராத பிளாஸ்ட் செல்களில் CD45 குறைவு, துகள்களும் குறைவு. அதனால லிம்போசைட்டுக்கு இடதுபக்கம், கீழ்ப்பகுதியில்தான் பிளாஸ்ட் கேட் போடுவோம். இடது ஓரத்தில், CD45 ஏறக்குறைய இல்லாத இடத்தில், நியூக்ளியஸ் உள்ள இளம் சிவப்பணுக்களும் உடைந்த செல் துணுக்குகளும் கிடக்கும்.

சிக்கல் அந்த ஓரத்துலதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தையின் மஜ்ஜை. ஒட்டிக்கிட்டு வந்த இரட்டை செல்களையும் துணுக்குகளையும் நீக்கின பிறகு 80,000 செல்கள் மிச்சம். பிளாஸ்ட் கேட்டில் 2,400, அதாவது 3%. ஆனா ஸ்மியர் பார்த்தவர் "ஸ்லைடு முழுக்க பிளாஸ்ட்"னு சொல்றார். இடது ஓரத்தில் 36,000 புள்ளிகள் ஒரே கட்டியா இருக்கு. அதை சிவப்பணுன்னு விட்டுட்டா ரிப்போர்ட்டே தப்பாயிடும்.

அந்தக் கட்டியைத் தனியா கேட் பண்ணி CD19–CD10 ப்ளாட்டில் போடுங்க. 32,000 செல்கள் ரெண்டுக்குமே பாசிட்டிவ். சிவப்பணுவில் CD19 வராது. ஆக, இது CD45 இழந்த B-ALL, 80,000-ல் 40%. சில B-ALL இப்படித்தான் ஒளிஞ்சுக்கும். எதிர்த்திசையிலும் சரிபார்க்கலாம்: மொத்த செல்களில் CD19 பாசிட்டிவ் ஆனவற்றுக்கு மட்டும் நிறம் கொடுத்து, அவை CD45 ப்ளாட்டில் எங்கே விழுதுன்னு பாருங்க. இதுதான் பேக்-கேட்டிங்.

இங்கே இன்னொரு பொறி. குழந்தைகளின் மஜ்ஜையில் ஹீமாட்டோகோன் என்ற இயல்பான இளம் B செல்களும் CD19, CD10 ரெண்டையும் காட்டும். ஆனா அவை வெவ்வேறு முதிர்ச்சி நிலைகளில் இருப்பதால், CD10–CD20 ப்ளாட்டில் வளைந்த பாதையா பரவி நிற்கும். லுக்கீமியா செல்கள் பொதுவா ஒரே நிலையில் தேங்கி, இறுகிய கட்டியா தெரியும். வடிவத்தைப் பார்க்காம பாசிட்டிவ், நெகட்டிவ் மட்டும் எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

அந்த 40%-ஐயும் ஸ்மியர் எண்ணிக்கைக்குப் பதிலா எழுதக் கூடாது. சிவப்பணுக்களை உடைக்கும் லைசிஸ் கரைசலில் இளம் சிவப்பணுக்களும் ஓரளவு போயிடும்; வகுக்கும் எண் குறையும், சதவீதம் ஏறும். சாம்பிளில் ரத்தம் கலந்திருந்தா சதவீதம் இறங்கவும் செய்யும்.