பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்பது எப்படி?

பல் பிடுங்கினால் ரத்தம் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. ஹீமோபீலியா உள்ளவருக்கும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆனால் சில மணி நேரம் கழித்து மீண்டும் கசியத் தொடங்கும். ஏன் என்பதை மூன்று கட்டங்களில் பார்க்கலாம்.

1. தட்டணு அடைப்பு: ரத்தக்குழாய் சுருங்குகிறது. கிழிசலில் வெளிப்பட்ட கொலாஜன் நாரில், வான் வில்லிபிராண்ட் காரணியின் உதவியால் தட்டணுக்கள் ஒட்டி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இந்த அடைப்பு தற்காலிகமானது.

2. உறைதல் தொடர்: காயம்பட்ட திசுவிலுள்ள திசுக்காரணி 7ஆம் காரணியோடு சேர்ந்து 10ஆம் காரணியைத் தூண்ட, சிறிதளவு த்ராம்பின் உருவாகிறது. 8, 9ஆம் காரணிகள் அதைப் பெருக்குகின்றன. த்ராம்பின், ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் வலையாக்குகிறது. 13ஆம் காரணி அதை இறுக்குகிறது. ஹீமோபீலியா ‘ஏ’யில் 8ஆம் காரணி குறைவு, அதனால் வலை வலுப்பெறாது. பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கையும் பி.டி.யும் இயல்பாகவே இருக்கும், ஏ.பி.டி.டி. நேரம் மட்டும் நீளும்.

3. கரைதல்: டி.பி.ஏ. என்ற நொதி பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக்குகிறது. பிளாஸ்மின் வலையை வெட்டும்போது டி-டைமர் துணுக்குகள் மிஞ்சுகின்றன. வாய்க்குள் இந்தக் கரைப்பு அதிகம். அதனால்தான் இவருக்கு 8ஆம் காரணியோடு, கரைப்பைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் தருகிறார்கள்.