'மீ' எப்போது 'ஐ' ஆகும்?

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளிலும் எஸ்எஸ்சி போன்ற வேலைத் தேர்வுகளிலும் செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் கேள்வி வழக்கமாக வரும். சாதாரண வாக்கியம் என்றால் பெரும்பாலோர் சமாளித்துவிடுவார்கள். தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். 'கேன்', 'மஸ்ட்' போன்ற மோடல் வினை வரும் வாக்கியம் ஒன்று. 'அவர் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்' என்பதுபோல் இரண்டு செயப்படுபொருள்கள் வரும் வாக்கியம் இன்னொன்று.

முதலாவது அவ்வளவு கடினமில்லை. 'ஷி கேன் ரைட் எ லெட்டர்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மாற்றினால் 'எ லெட்டர் கேன் பி ரிட்டன் பை ஹெர்'. மோடல் அசையாமல் அங்கேயே நிற்கும். அதன் பின்னால் 'பி', அதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம். மோடலுக்கு அடுத்து வரும் வினை மூல வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தின் கண்டிப்பு. ஆகவே அந்த இடத்தில் 'இஸ்', 'வாஸ்', 'பீயிங்' எதுவும் உட்கார முடியாது. ஒரு கடிதமானாலும் நூறு கடிதமானாலும் 'கேன் பி' மாறாது. எழுவாய் ஒருமையா பன்மையா என்ற கவலையே இல்லை என்பதால், ஒரு வகையில் இது சாதாரண வாக்கியத்தைவிடச் சுலபம்.

'ஹேவ் டு' மட்டும் இந்தச் சலுகைக்குள் வராது. 'ஐ ஹேவ் டு ஃபினிஷ் திஸ் வொர்க்' என்பது 'திஸ் வொர்க் ஹேஸ் டு பி ஃபினிஷ்ட்' ஆகும். புதிய எழுவாய் ஒருமை என்பதால் 'ஹேவ்' இங்கே 'ஹேஸ்' ஆகிவிட்டது. பொருளில் 'மஸ்ட்' போலவே இருப்பதால், இதையும் மாறாத மோடல் என்று நினைத்து 'ஹேவ்' என்றே எழுதிவிடுகிறார்கள்.

நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகத்தில் 'மஸ்ட் ஹேவ்', 'குட் ஹேவ்' என்று வரும். அங்கே 'பி' போதாது, 'பீன்' வேண்டும். 'சம்ஒன் மஸ்ட் ஹேவ் ஸ்டோலன் தி பைக்' என்பது 'தி பைக் மஸ்ட் ஹேவ் பீன் ஸ்டோலன்' ஆகும். திருடியவர் யாரென்றே தெரியாதபோது 'பை சம்ஒன்' என்று இழுக்கத் தேவையில்லை.

இரண்டாவது வகைக்கு வருவோம். 'ஹீ கேவ் மீ எ புக்'. இதில் கொடுக்கப்பட்ட பொருள் புத்தகம், பெற்றுக்கொண்டவர் நான். இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுவாய் ஆக்க ஆங்கிலம் அனுமதிக்கிறது. 'எ புக் வாஸ் கிவன் டு மீ பை ஹிம்' என்றும் எழுதலாம், 'ஐ வாஸ் கிவன் எ புக் பை ஹிம்' என்றும் எழுதலாம். இரண்டும் சரி. பெறுபவரை முன்னால் வைக்கும் இரண்டாவது வடிவமே ஆங்கிலத்தில் அதிகம் புழங்குகிறது. ஆனால் நம் மாணவர்களுக்கு அதுதான் தப்பாகத் தோன்றும்.

காரணம் தமிழ். 'அவனை அடித்தார்கள்' என்பது 'அவன் அடிக்கப்பட்டான்' ஆகும்போது 'ஐ' உருபு கழன்று விழுகிறது, 'அவன்' எழுவாயாகிவிடுகிறான். 'எனக்குப் புத்தகம் கொடுத்தார்' என்பதோ 'எனக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது' என்றுதான் ஆகும். 'கு' உருபு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. 'நான் புத்தகம் கொடுக்கப்பட்டேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம், சொன்னால் சிரிப்பார்கள். தமிழில் பொருளுக்கு மட்டுமே திறக்கும் அந்தக் கதவு, ஆங்கிலத்தில் பெறுபவருக்கும் திறக்கிறது.

விடைத்தாளில் காணும் இரண்டு பிழைகள் இங்கிருந்துதான் முளைக்கின்றன. 'எனக்கு' என்று தொடங்கி யோசித்த மாணவர் 'மீ வாஸ் கிவன்' என்று எழுதுகிறார். எழுவாய் இடத்துக்கு வந்ததும் 'மீ' கட்டாயம் 'ஐ' ஆக வேண்டும். 'ஹிம்' 'ஹீ' ஆகவும் 'தெம்' 'தே' ஆகவும் வேண்டும். இன்னொரு பிழை நுட்பமானது. 'ஹீ கேவ் மீ டூ புக்ஸ்' என்று கேள்வி வந்தால் 'ஐ வேர் கிவன் டூ புக்ஸ்' என்று எழுதுவார்கள். 'இரண்டு புத்தகங்கள் கொடுக்கப்பட்டன' என்று தமிழில் வினை புத்தகங்களோடு பொருந்துவதால் வரும் வினை இது. ஆங்கிலத்தில் வினை தன் எழுவாயை மட்டுமே பார்க்கும். 'ஐ வாஸ் கிவன் டூ புக்ஸ்'. புத்தகங்களை முன்னால் கொண்டுவந்தால் 'டூ புக்ஸ் வேர் கிவன் டு மீ'.

பொருள் முன்னால் வந்தால் பெறுபவருக்கு முன் 'டு' சேரும். வாங்கித் தருவது, செய்து தருவது போன்ற வினைகளுக்கு 'டு' அல்ல, 'ஃபார்'. 'மதர் மேட் மீ எ டிரெஸ்' என்பதை 'எ டிரெஸ் வாஸ் மேட் ஃபார் மீ பை மதர்' என்று எழுதுவதே பாதுகாப்பு. 'ஐ வாஸ் மேட் எ டிரெஸ்' என்பது காதுக்கு உறுத்தும். என்னையே சட்டையாகத் தைத்துவிட்டதுபோல் இருக்கிறது.

'தே எலெக்டட் ஹிம் பிரெசிடென்ட்' என்ற வாக்கியத்திலும் வினைக்குப் பின் இரண்டு பெயர்கள் உண்டு. ஆனால் அவை இரண்டும் ஒரே ஆள். யாருக்கும் எதுவும் கைமாறவில்லை. அதனால் இதற்கு ஒரே வழிதான்: 'ஹீ வாஸ் எலெக்டட் பிரெசிடென்ட்'.

இப்போது இரண்டு சிக்கலும் சேர்ந்த ஒரு கேள்வியைப் பார்ப்போம். 'தி ஆபீசர் மஸ்ட் ஹேவ் ஷோன் தெம் தி லெட்டர்ஸ்'. முதலில், பார்த்தவர்கள் யார், பார்த்தது எதை என்று பிரிக்க வேண்டும். பார்த்தவர்கள் 'தெம்', பார்த்தது கடிதங்கள். பார்த்தவர்களை முன்னால் வைத்தால் 'தே'. 'மஸ்ட் ஹேவ்' அப்படியே இறங்கும், 'பீன்' நுழையும், 'ஷோன்' தொடரும். 'தே மஸ்ட் ஹேவ் பீன் ஷோன் தி லெட்டர்ஸ் பை தி ஆபீசர்'. கடிதங்களை முன்னால் வைத்தால் 'தி லெட்டர்ஸ் மஸ்ட் ஹேவ் பீன் ஷோன் டு தெம் பை தி ஆபீசர்'.

நான்கு விடைகள் கொடுக்கும் தேர்வில் தவறானவை எப்படி இருக்கும் என்பதையும் ஊகித்துவிடலாம். 'தே மஸ்ட் பி ஷோன்' என்று ஒன்று இருக்கும். அதில் 'ஹேவ்' காணாமல் போய், நடந்ததைப் பற்றிய ஊகம் இனி காட்டியாக வேண்டும் என்ற கட்டளையாகிவிட்டது. 'தே மஸ்ட் ஹேவ் ஷோன்' என்று இன்னொன்று. 'பீன்' இல்லாததால் கடிதத்தைக் காட்டியவர்கள் அவர்களே என்றாகிவிடுகிறது. மூன்றாவது 'தெம் மஸ்ட்' என்று தொடங்கும். மோடலுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில் இருக்கும் சொல்லை மட்டும் உற்றுப் பார்த்தாலே பாதி விடைகள் உதிர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 'எக்ஸ்பிளெய்ன்', 'சஜஸ்ட்', 'சே' ஆகிய வினைகள் 'கிவ்' வகையைச் சேர்ந்தவை அல்ல. செய்வினையிலேயே 'ஹீ எக்ஸ்பிளெய்ன்ட் தி சம் டு மீ' என்று 'டு' போட்டுத்தான் எழுத வேண்டும். 'எக்ஸ்பிளெய்ன்ட் மீ தி சம்' என்பது பிழை. அதனால் 'தி சம் வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் டு மீ' என்பது மட்டுமே சரி. அலுவலகக் கடிதங்களில்கூடப் புழங்குகிற 'ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் தி சம்' பாணி வாக்கியம் விடைகளில் தென்பட்டால் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.